பிஎச் ப்ரோப்: 7 சரியாகக் காட்டுகிறது, 4-ஐ 3.46 என்கிறது

மாடித்தோட்டம்_72

வணக்கம். மொட்டை மாடியில் சின்னதாக ஹைட்ரோபோனிக்ஸ் வைத்திருக்கிறேன். தண்ணீரின் பிஎச்சை ஈஎஸ்பி32 மூலம் பதிவு செய்ய ஆசைப்பட்டு ஆம்ப்ளிஃபையர் போர்டை நானே சால்டர் செய்தேன்.

ப்ரோப் பிஎச் 7-இல் பூஜ்ஜியம் தருகிறது. அமிலம் என்றால் பிளஸ், காரம் என்றால் மைனஸ், ஒரு பிஎச்சுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட். ஏடிசிக்கு மைனஸ் வோல்டேஜ் ஆகாது என்பதால் எல்லாவற்றையும் 1.65 வோல்ட் மேலே தூக்கி, 3 மடங்கு பெருக்கினேன். 3.3 வோல்ட்டிலிருந்து இரண்டு 10கே ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, நடுப்புள்ளியில் 1.65. ப்ரோபின் ஷீல்டு வயர் அந்த நடுப்புள்ளிக்கு, நடு வயர் எம்சிபி6002-இன் பிளஸ் இன்புட்டுக்கு. ஃபீட்பேக் 20கே. மைனஸ் இன்புட்டிலிருந்து ஒரு 10கே, அதே நடுப்புள்ளிக்கு. நடுப்புள்ளியில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் இருக்கிறது.

```
int mv = analogReadMilliVolts(34);
float pH = 7.0 - (mv - 1650) / 177.5;
```

59.16-ஐ 3-ஆல் பெருக்கி 177.5. பஃபர் கரைசலில் வைத்துப் பார்த்தால் 7 கச்சிதமாக 7 காட்டுகிறது. 4-இல் வைத்தால் 3.46. 10-இல் வைத்தால் 10.52. அறை வெப்பம் 28 டிகிரி. ரெசிஸ்டர் எல்லாம் 1 சதவீதம், மீட்டரில் அளந்துவிட்டுத்தான் போட்டேன். எங்கே தப்பு?

விக்கி_இசிஇ

ப்ரோ, ப்ரோப் போய்விட்டது போல. விலை மலிவான ப்ரோப் எல்லாம் ஆறு மாதத்தில் இப்படித்தான் ஆகும். நடுப்புள்ளிக்கு 10 மைக்ரோ போதாது, 100 போட்டுப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் 177.5-க்குப் பதில் 207 என்று மாற்றிவிடுங்கள். இரண்டு பாயின்ட் காலிப்ரேஷன் எதற்கு இருக்கிறது?

வெயில்மணி

எனக்கும் இதே பிரச்சினை. எல்எம்35 சென்சார், எல்எம்358-இல் 5 மடங்கு பெருக்கி அர்டுயினோவுக்குக் கொடுத்தேன், 5 வோல்ட் சப்ளை. 100 டிகிரிக்கு 5 வோல்ட் வர வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் வைத்தாலும் 74-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. இரண்டு ஐசி மாற்றிவிட்டேன்.

ஆய்வகம்_கலா

எலக்ட்ரானிக்ஸ் எனக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் எலக்ட்ரோடோடு மல்லுக்கட்டுகிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன். விக்கி தம்பி சொல்வது போல ப்ரோப் கெட்டிருந்தால் எண்கள் 7-ஐ நோக்கிச் சுருங்கும். 4 என்பது 4.4 ஆகும், 10 என்பது 9.6 ஆகும். கண்ணாடிக் குமிழ் கிழடாக ஆக ஒரு பிஎச்சுக்குக் கிடைக்கும் மில்லிவோல்ட் குறையும். கூடவே கூடாது.

28 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 59.75 மில்லிவோல்ட்தான் உச்சவரம்பு. உங்கள் கணக்கைத் திருப்பிப் போட்டால் கிட்டத்தட்ட 70 வருகிறது. 70 வர வேண்டுமென்றால் தண்ணீர் சுமார் 80 டிகிரியில் கொதிக்காத குறையாக இருக்க வேண்டும். எங்கள் மீட்டரில் ஸ்லோப் 105 சதவீதம் வந்தாலே பஃபரைத்தான் சந்தேகப்படுவோம். உங்களுக்கு 117 சதவீதம். பஃபர் புதியதென்றால், ப்ரோப் பாவம், அதைத் திட்டாதீர்கள்.

தராசுக்காரர்

கலா அம்மா சொன்னதுதான் துப்பு. இல்லாத மில்லிவோல்ட்டை ப்ரோப் கண்டுபிடித்துத் தராது. பெருக்குகிற இடத்தில்தான் கூடுகிறது.

எடைத்தராசு போர்டு சர்வீஸ் என் பிழைப்பு. லோடு செல்லில் இதே கதையை வேறு உருவத்தில் பல முறை பார்த்திருக்கிறேன், எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் சொல்வதற்கு முன் நீங்கள் அளந்து பாருங்கள்.

ப்ரோபைக் கழற்றுங்கள். முதலில் சாக்கெட்டில் நடு வயரையும் ஷீல்டையும் ஷார்ட் செய்து, ஆப்-ஆம்ப் அவுட்புட்டையும் நடுப்புள்ளியையும் கிரவுண்டிலிருந்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு ஏஏ செல் எடுத்து, 9.1கே, 1கே இரண்டையும் தொடராகப் போட்டு, 1கேவின் இரு முனைகளை ப்ரோபுக்குப் பதிலாகக் கொடுங்கள். பிளஸ் நடு வயருக்கு. செல்லின் எந்த முனையும் ஈஎஸ்பி32-இன் கிரவுண்டைத் தொடக் கூடாது, ப்ரோப் எப்படி அந்தரத்தில் தொங்குகிறதோ அப்படியே இதுவும் தொங்க வேண்டும். திரும்ப அதே இரண்டு இடங்களையும் அளங்கள்.

வெயில்மணி, உங்கள் கதை வேறு. எல்எம்358-இன் அவுட்புட் சப்ளை வரைக்கும் ஏறாது. மேலே ஒன்றேகால், ஒன்றரை வோல்ட்டை விட்டுவிடும். 5 வோல்ட் சப்ளையில் 3.7 வோல்ட்டில் தலை முட்டி நிற்கிறது, 3.7-ஐ 5-ஆல் வகுத்தால் உங்கள் 74 டிகிரி. எத்தனை ஐசி மாற்றினாலும் அங்கேதான் நிற்கும். 9 வோல்ட் சப்ளை கொடுங்கள், இல்லாவிட்டால் 3 மடங்கு மட்டும் பெருக்குங்கள்.

வெயில்மணி

அடப்பாவி, அந்த ஒன்றரை வோல்ட் டேட்டாஷீட்டில் இருந்திருக்கிறது. நான் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். 3 மடங்காக மாற்றுகிறேன். நன்றி அண்ணா.

மாடித்தோட்டம்_72

அளந்துவிட்டேன். செல்லிலிருந்து 1கே மேல் வருவது 152 மில்லிவோல்ட்.

ஷார்ட் செய்தபோது நடுப்புள்ளி 1.650, அவுட்புட் 1.652.
செல் கொடுத்தபோது நடுப்புள்ளி 1.726, அவுட்புட் 2.184.

நடுப்புள்ளி ஏன் நகர்கிறது? அது 3.3-இன் பாதி, சும்மா இருக்க வேண்டியதுதானே? மூன்று முறை அளந்தேன். செல்லைக் கொடுத்தால் ஏறுகிறது, எடுத்தால் இறங்குகிறது.

தராசுக்காரர்

அதுதான் நான் நினைத்த ஆள்.

ஆப்-ஆம்ப் தன் இரண்டு இன்புட்டையும் சமமாக வைத்துக்கொள்ளும். அதனால் ப்ரோப் தரும் 152 மில்லிவோல்ட் அப்படியே அந்த 10கேவின் இரு முனைகளுக்கும் இடையே வந்துவிடுகிறது. 152 மில்லிவோல்ட், 10கே: 15.2 மைக்ரோஆம்பியர். இந்தக் கரண்ட் எங்கே போகிறது? நேராக உங்கள் நடுப்புள்ளிக்குள் இறங்குகிறது. நடுப்புள்ளி பேட்டரி அல்ல. இரண்டு 10கே ரெசிஸ்டர்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் அவை இணையாக 5கே. 15.2 மைக்ரோஆம்பியர் 5கேயில் பாய்ந்தால் 76 மில்லிவோல்ட். 1.650 என்பது 1.726 ஆனது அதனால்தான்.

ப்ரோபின் ஷீல்டும் அதே புள்ளியில் இருப்பதால், மேடை உயர்ந்தால் மேடையில் நிற்பவரும் உயர்கிறார். 152-இல் பாதி 76. ஆகவே நீங்கள் நினைத்த 3 மடங்கோடு அரை மடங்கு சேர்ந்து:

```
Vout = 1.65 + (3 + 5k/10k) × e
     = 1.65 + 3.5 × e
```

3.5-ஐ 3-ஆல் வகுத்தால் 1.167. அம்மா சொன்ன 117 சதவீதம். 7-இல் மட்டும் ஏன் சரி? அங்கே ப்ரோப் பூஜ்ஜியம் தருகிறது, கரண்டே இல்லை, நடுப்புள்ளி நகர்வதில்லை.

இன்னொன்று. ஷீல்டு வயரை மட்டும் வேறொரு உறுதியான 1.65-இல் கட்டியிருந்தால், 5கே அந்த 10கேயோடு தொடராகச் சேர்ந்து பெருக்கம் 2.33-ஆகக் குறைந்திருக்கும். 4 என்பது 4.64 காட்டியிருக்கும். அப்போது கலா அம்மா உட்பட எல்லோரும் ப்ரோப் போச்சு என்று சொல்லி, நீங்கள் புதிதாக வாங்கி, அதுவும் 4.64 காட்டியிருக்கும். தப்பு இந்தப் பக்கம் விழுந்தது உங்கள் நல்ல காலம்.

ஆய்வகம்_கலா

ஆமாம், நானே தூக்கிப் போடச் சொல்லியிருப்பேன்.

விக்கி_இசிஇ

அப்போ கெப்பாசிட்டர்?

தராசுக்காரர்

கெப்பாசிட்டர் நிரம்புகிற வரைக்கும்தான் தாங்கும். 5கேயும் 10 மைக்ரோவும் என்றால் 50 மில்லிசெகண்ட். 100 மைக்ரோ போட்டால் அரை செகண்ட். பிஎச் நிமிடக் கணக்கில் மாறுகிற சமாச்சாரம், அதற்குக் கெப்பாசிட்டர் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். சப்ளை இரைச்சலுக்கு நல்லது, எடுக்க வேண்டாம்.

விக்கி_இசிஇ

சரி. ஆனால் 207 என்று மாற்றச் சொன்னது தப்பில்லைதானே அண்ணா? 3.5 என்பதும் நிலையான எண்தான். நேர்கோடு நேர்கோடாகவே இருக்கிறது. சாஃப்ட்வேரில் அடங்கிவிடும்.

தராசுக்காரர்

அடங்கும், தம்பி. அதை மறுக்கவில்லை. அதன் கீழே ஒளிந்திருக்கும் வேறொன்றுதான் உறுத்துகிறது. இந்த 1.65 என்பது 3.3 சப்ளையின் பாதி. ஈஎஸ்பி32-இன் ஏடிசியோ 3.3-ஐ வைத்து அளப்பதில்லை, உள்ளே தனக்கென்று ஒரு ரெஃபரன்ஸ் வைத்திருக்கிறது. வைஃபை அனுப்பும்போது சப்ளை 40 மில்லிவோல்ட் தொய்ந்து, கெப்பாசிட்டர் நிரவுகிற அளவுக்கு நீடித்தால், நடுப்புள்ளி 20 மில்லிவோல்ட் இறங்கும். உங்கள் கணக்கில் அது 0.1 பிஎச்சுக்கு மேல். அர்டுயினோ ஊனோவில் ஏடிசியும் அதே சப்ளையை அளவுகோலாக வைத்திருப்பதால் இரண்டும் சேர்ந்தே தொய்யும், பெரிதாகத் தெரியாது. இங்கே தெரியும். காலிப்ரேஷன் செய்த நேரத்தில் சப்ளை என்னவோ, அதையே என்றைக்கும் நம்ப வேண்டிவரும்.

மாடித்தோட்டம், போர்டில் எதையும் மாற்றாமல் ஒன்று செய்யலாம். உங்கள் அளவையே பாருங்கள். 2.184-இல் 1.726 போனால் 458. ஷார்ட்டில் இருந்த 2 மில்லிவோல்ட்டைக் கழித்தால் 456. 152-இன் சரியான 3 மடங்கு! நடுப்புள்ளி எங்கே போனாலும், அதிலிருந்து அளந்தால் பெருக்கம் 3-தான். நடுப்புள்ளியை 35-ஆம் பின்னுக்குக் கொண்டுபோய்க் கழித்துவிடுங்கள்.

```
int out = analogReadMilliVolts(34);
int ref = analogReadMilliVolts(35);
float pH = 7.0 - (out - ref) / 177.5;
```

இரண்டு பின்னும் ஏடிசி1-ஐச் சேர்ந்தவை. ஏடிசி2 பின்களை எடுக்காதீர்கள், வைஃபை ஓடும்போது அவை கை கொடுக்காது.

மாடித்தோட்டம்_72

அண்ணா, ஒரு ஜம்பர் வயர்தான். 4 பஃபர் 3.97, 10 பஃபர் 10.02. மீதி 0.03 எதனால்?

ஆய்வகம்_கலா

வெப்பம். நீங்கள் 59.16 போட்டிருக்கிறீர்கள், அது 25 டிகிரிக்கு. கெல்வினில் உள்ள வெப்பத்தை 0.1984-ஆல் பெருக்கினால் அன்றைய மில்லிவோல்ட் கிடைக்கும். அப்புறம் பஃபர் பாட்டிலின் முதுகில் ஒரு அட்டவணை இருக்கும், பஃபரின் பிஎச்சே வெப்பத்தோடு கொஞ்சம் மாறும். மொட்டை மாடியில் மதியம் தொட்டித் தண்ணீர் என்ன சூடு என்று பார்த்தீர்களா?

மாடித்தோட்டம்_72

34 வரை போகிறது அக்கா. ஒரு வெப்ப சென்சார் போட்டுவிடுகிறேன். தராசுக்கார அண்ணா, போர்டைத் திரும்பச் செய்வதாக இருந்தால் எப்படிச் செய்வீர்கள்?

தராசுக்காரர்

முதலில் ஏடிசியின் உண்மையான வரம்பைக் கேட்பேன். ஈஎஸ்பி32-க்கு 0 முதல் 3.3 என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நீங்களும் அதை நம்பித்தான் 1.65-ஐ நடுவாக வைத்தீர்கள். அதிகபட்ச அட்டென்யுவேஷனில் அதைத் தயாரிப்பவர்களே பரிந்துரைப்பது 150 முதல் 2450 மில்லிவோல்ட். அதற்கு மேலே அளவு வளைந்துவிடும். உங்கள் வடிவமைப்பில் கடும் அமிலம் வந்தால் 3 வோல்ட் வரை போகும், அங்கே எண் வரும், ஆனால் பொய் சொல்லும். அப்படியானால் நடு 1.65 அல்ல, 1.3.

அடுத்து, உங்களுக்கு எவ்வளவு உள்ளே வேண்டும்? கீரைக்குப் பிஎச் 5.5, 6.5 சுற்றித்தான். ஆனால் 4, 10 பஃபரில் காலிப்ரேட் செய்ய வேண்டுமே, அது 180 மில்லிவோல்ட். ப்ரோப் பழசானால் பூஜ்ஜியம் 30 மில்லிவோல்ட் வரை தள்ளிப்போகும். கொஞ்சம் மூச்சுவிட இடம் சேர்த்து, பிளஸ் மைனஸ் 250 என்று வைப்பேன்.

நடுப்புள்ளிக்கு ரெசிஸ்டர் வேண்டாம். எல்எம்385-இன் 1.2 வகை ஒன்று, அது 1.235 வோல்ட் தரும், 1.3-க்குப் பக்கம்தான். 3.3-இலிருந்து 10கே வழியாகக் கொடுத்தால் 0.2 மில்லிஆம்பியர் ஓடும். அதன் உள் எதிர்ப்பு ஓரிரு ஓம், உங்கள் 5கே எங்கே இது எங்கே. பெருக்க ரெசிஸ்டர் தள்ளுகிற 25 மைக்ரோஆம்பியரை அது கண்டுகொள்ளாது. 1.235-க்குக் கீழே 150 வரை 1085 மில்லிவோல்ட் இடம். 1085-ஐ 250-ஆல் வகுத்தால் 4.34. 33கேயும் 10கேயும் போட்டால் 4.3:

```
e = +250 mV : 1235 + 1075 = 2310 mV
e = -250 mV : 1235 - 1075 =  160 mV
```

இரண்டு பக்கமும் வரம்புக்குள். சாஃப்ட்வேரில் 177.5-க்குப் பதில் 254.4.

எல்எம்385 கிடைக்காவிட்டால் பழைய ரெசிஸ்டர்களையே வைத்து, எம்சிபி6002-இல் சும்மா கிடக்கிற இரண்டாவது ஆப்-ஆம்பை நடுப்புள்ளிக்குப் பஃபராகப் போடுங்கள். மேல் ரெசிஸ்டரை மட்டும் 15கே ஆக்கினால் 1.32 வரும். ஆனால் சப்ளை தொய்ந்தால் அதுவும் தொய்யும், 35-ஆம் பின் வயரை எடுக்காதீர்கள்.

சாலிடர்_சரவணன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஏடிஎஸ்1115 ஒன்று வாங்கி, டிஃபரன்ஷியலாக ப்ரோபை நேராக மாட்டினால் 16 பிட். ஆப்-ஆம்பே வேண்டாம்.

தராசுக்காரர்

பாதி சரி. ஏடிஎஸ்1115-இன் இன்புட் சில மெகா ஓம்தான். பிஎச் கண்ணாடியின் எதிர்ப்பு நூறு மெகா ஓமுக்கும் மேலே. நேராக மாட்டினால் மில்லிவோல்ட்டில் பெரும்பகுதியை ஏடிசியே குடித்துவிடும், எந்தக் கரைசலில் வைத்தாலும் 7 பக்கமே காட்டும். நடுவே எம்சிபி6002 மாதிரி பைகோஆம்பியர் இன்புட் கட்டாயம் வேண்டும். எல்எம்358 ஆகாது, அதன் இன்புட் கரண்ட் நானோஆம்பியர் கணக்கு. 20 நானோஆம்பியர் 100 மெகா ஓமில் பாய்ந்தால் 2 வோல்ட், ப்ரோபின் சத்தமே கேட்காது.

ஆனால் ஆப்-ஆம்பை ஒரு மடங்கு பஃபராக வைத்து, அவுட்புட் ஒரு இன்புட்டுக்கும் நடுப்புள்ளி மறு இன்புட்டுக்கும் கொடுத்தால், பெருக்கலும் கழித்தலும் ஏடிஎஸ் பார்த்துக்கொள்ளும். அது அழகான வழி, ஒத்துக்கொள்கிறேன். பெருக்க ரெசிஸ்டரே இல்லாததால் இந்த இழையும் பிறந்திருக்காது.

சாலிடர்_சரவணன்

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் 😀

விக்கி_இசிஇ

இரண்டு சேனல் படித்துக் கழித்தால் ஈஎஸ்பி32 இரைச்சல் இரண்டும் சேர்ந்துவிடாதா? எல்எம்385 போட்டு ஒரே சேனல் படிப்பது மேல் இல்லையா?

தராசுக்காரர்

சேரும். 64 முறை படித்துச் சராசரி எடுப்பவருக்கு அது பொருட்டல்ல என்பது என் கட்சி. ஒற்றைச் சேனலில் ஏடிசியின் சொந்த ஆஃப்செட் உள்ளே நுழையும், கழித்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள், சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

மாடித்தோட்டம்_72

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்எம்385 போர்டு செய்துவிட்டேன், 4.3 மடங்கு. பிளாஸ்டிக் கப்பில் தொட்டித் தண்ணீரை எடுத்து வைத்தால் 6.1, ஆடாமல் அசையாமல் நிற்கிறது. அதே ப்ரோபைத் தொட்டிக்குள் வைத்தால் 6.8. கப்பில் 6.1, தொட்டியில் 6.8, திரும்பத் திரும்ப அப்படியே. தொட்டியில் டிடிஎஸ் சென்சாரும் இருக்கிறது, அதே ஈஎஸ்பி32-இல்தான். டிடிஎஸ் சென்சாரை வெளியே தூக்கினால் தொட்டியிலும் 6.1!

தராசுக்காரர்

நாம் செய்த வேலையின் விலை அது. ப்ரோபின் ரெஃபரன்ஸ் வயரை 1.235 வோல்ட் மேலே உட்கார வைத்துவிட்டோம். அதாவது தொட்டித் தண்ணீரே கிரவுண்டுக்கு மேலே 1.235-இல் இருக்கிறது. டிடிஎஸ் கம்பிகள் கிரவுண்டு பக்கமிருந்து அதே தண்ணீரைத் தொடுகின்றன. இரண்டுக்கும் இடையே தண்ணீர் வழியாகக் கரண்ட், அது ப்ரோபின் ரெஃபரன்ஸ் சந்தி வழியாகப் போகிறது. அந்தச் சந்தியின் எதிர்ப்பில் விழும் வோல்டேஜைத்தான் பிஎச் என்று படிக்கிறீர்கள்.

டிடிஎஸ்ஸின் சப்ளையை மட்டும் அணைத்தால் தீராது, அதன் கிரவுண்டு வயர் அப்படியே இருக்குமே.

ஆய்வகம்_கலா

அந்தக் கரண்டை நாள் கணக்கில் விட்டால் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடும் கெடும். இப்போதைக்கு டிடிஎஸ்ஸை வெளியிலேயே வையுங்கள்.

சாலிடர்_சரவணன்

டிடிஎஸ் கம்பி இரண்டையும் ஒரு சின்ன ரிலேயில் துண்டித்து, பிஎச் படிக்கும்போது திறந்து விடலாம்.

தராசுக்காரர்

ரிலே வேலை செய்யும். ஈரக்காற்றில் காண்டாக்ட் எத்தனை மாதம் தாங்கும் என்பதுதான் கேள்வி. நானாக இருந்தால் பிஎச் போர்டுக்குத் தனிமைப்படுத்திய டிசி-டிசி மாட்யூல், அதில் சரவணன் சொன்ன ஏடிஎஸ்1115, ஐ2சி-க்கு ஒரு ஐசொலேட்டர் என்று போவேன். செலவு ப்ரோப் விலையைத் தொட்டுவிடும்.

மாடித்தோட்டம்_72

வீட்டில் ஏற்கெனவே கணக்குக் கேட்கிறார்கள். ரிலே ஒன்று பெட்டியில் கிடக்கிறது, முதலில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.